ஏழு லட்சத்துக்குத் திட்டம், கையில் வந்தது பாதி: கலைவிழாச் செலவில் எதை வெட்டுவது?

வானம்பாடி
திருச்சிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் மூன்றாமாண்டு வணிகவியல் படிக்கிறேன். கல்லூரிகளுக்கு இடையிலான இரண்டு நாள் கலைவிழாவுக்கு என்னைப் பொருளாளராகப் போட்டிருக்கிறார்கள். விழாவுக்கு இன்னும் 15 நாள்தான் இருக்கிறது.

வரவாக நாங்கள் எழுதியது 7,00,000 ரூபாய். நிர்வாகம் 1,50,000, ஸ்பான்சர் 4,00,000, வெளிக் கல்லூரி மாணவர்களின் பதிவுக் கட்டணம் 1,00,000, ஸ்டால் வாடகை 50,000. செலவும் அதே 7,00,000. இரண்டாம் நாள் மாலை மெல்லிசைக் குழு 2,20,000, மேடையும் ஒலி ஒளியும் 1,60,000, ஜெனரேட்டர் 25,000, பரிசுத் தொகை 1,10,000, சாப்பாடு 60,000, நடுவர்கள் 35,000, ஷீல்டும் சான்றிதழும் 40,000, அச்சுச் செலவு 20,000, தன்னார்வலர்களுக்கு டி-ஷர்ட் 30,000.

முதன்மை ஸ்பான்சராக வருவதாகச் சொன்ன இருசக்கர வாகன ஷோரூம் ஒன்றரை லட்சம் தருவதாக இருந்தது. போன வாரம் 60,000-க்கு இறங்கிவிட்டார்கள். ஒரு பயிற்சி மையம் 50,000. ஒரு பழச்சாறு நிறுவனம் 50,000. ஆக 1,60,000 தேறியிருக்கிறது. 2,40,000 துண்டு விழுகிறது. எல்லாத் தலைப்பிலும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடலாம் என்று குழுவில் சொல்கிறார்கள். சரிதானா?

விளம்பரப் பிரியன்
ஸ்பான்சர் பிடிப்பது ஒரு கலை, தம்பி. முதலில் வண்ணப் படங்களோடு ஒரு சிற்றேடு தயார் செய்யுங்கள். போன ஆண்டுக் கூட்டத்தின் படங்களைப் போடுங்கள். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று தரமாகப் பிரித்து நகைக்கடை, ஜவுளிக்கடை, உணவகம் என்று வரிசையாக ஏறி இறங்குங்கள். மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

வானம்பாடி
நான் தம்பி இல்லை, ஐயா, தங்கை. மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்கினோம். இப்போது இருப்பது 15 நாள். நான் கேட்டது செலவுப் பக்கம்.

கணக்குப்பிள்ளை
தங்கை, மூன்றில் ஒரு பங்கை எல்லாவற்றிலும் குறைப்பது கேட்பதற்கு நியாயமாக இருக்கும், நடக்காது. பரிசுத் தொகையைச் சுவரொட்டியில் அச்சிட்டுவிட்டீர்கள், அதில் கை வைக்க முடியாது. குழுவுக்கு முன்பணம் கொடுத்திருப்பீர்கள். மூன்றில் இரண்டு பங்கு ஜெனரேட்டர் என்று ஒன்று கிடையாது.

ஆனால் அதற்கு முன்பாகத் துண்டு 2,40,000 என்பதே தவறாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான்கு விவரம் வேண்டும். மூன்று ஸ்பான்சர்களில் யார் எழுத்தில் கொடுத்தார்கள், யார் வாயால் சொன்னார்கள்? பணம் விழாவுக்கு முன்பா, பின்பா? பழச்சாறு நிறுவனம் தருவது பணமா, பாட்டிலா? பதிவுக் கட்டணமும் ஸ்டாலும் இன்றைய தேதியில் எவ்வளவு வந்திருக்கின்றன?

வானம்பாடி
ஷோரூம்: கடிதம் இருக்கிறது. விழா முடிந்து பில்லும் புகைப்படங்களும் கொடுத்த 30 நாளில் காசோலை என்று எழுதியிருக்கிறார்கள். பயிற்சி மையம்: 25,000 வந்துவிட்டது, மீதி விழாவுக்குப் பிறகு. பழச்சாறு: பாட்டில்தான், பணம் இல்லை. 50,000 ரூபாய் மதிப்பு.

பதிவு இதுவரை 210 பேர், தலைக்கு 200 ரூபாய், 42,000. பத்து ஸ்டாலில் ஆறு போயிருக்கிறது, 30,000.

இசைக்குழுவுக்கு 60,000, மேடைக்காரருக்கு 20,000 முன்பணம் கொடுத்திருக்கிறோம்.

கணக்குப்பிள்ளை
அப்படியானால் கணக்கு இதுதான். பதிவுகள் கடைசி வாரத்தில் ஏறும், ஆனால் 500 பேர் என்று நம்ப வேண்டாம், 300 என்று வைப்போம்: 60,000. ஸ்டால் 30,000. நிர்வாகம் 1,50,000. பயிற்சி மையம் தந்த 25,000. விழா நாளுக்கு முன் உங்கள் கைக்கு வருவது 2,65,000. விழாவுக்குப் பிறகு ஷோரூமும் பயிற்சி மையமும் சேர்ந்து 85,000. மொத்தம் 3,50,000.

அதாவது திட்டத்தில் சரிபாதி. நீங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருந்தால் விழா அன்று மாலை மேடைக்காரர் மீதிப் பணம் கேட்கும்போதுதான் உண்மை தெரிந்திருக்கும்.

பழச்சாற்றை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பீர்கள். 50,000 என்பது பாட்டில்மேல் அச்சிட்ட விலை. அது உங்கள் செலவுப் பட்டியலில் எந்த வரியைக் குறைக்கிறது? தன்னார்வலர்களுக்கும் நடுவர்களுக்கும் நீங்கள் வாங்கியிருக்கக்கூடிய பானம் 5,000 ரூபாய்க்கு இருந்திருந்தால், உங்களைப் பொறுத்தவரை அந்த ஸ்பான்சர் 5,000 ரூபாய்தான்.

பழைய பெஞ்சு
பழச்சாறு என்றதும் வயிறு கலங்குகிறது. நாங்கள் துறை விழா நடத்தியபோது இப்படித்தான் ஒரு நிறுவனம் நாற்பது பெட்டி இறக்கியது. பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் காலாவதித் தேதி ஒன்பது நாளில். கடையில் விற்க முடியாததை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் பேனரில் பெயரையும் வாங்கிக்கொண்டார்கள். மீதிப் பெட்டிகளை விடுதிக்குக் கொடுத்தோம், விடுதிக் காப்பாளர் எங்களைத் திட்டினார்.

இன்னொன்று, அவர்கள் கடிதத்தை முழுதாகப் படியுங்கள். வளாகத்தில் வேறு பானம் விற்கக்கூடாது என்று ஒரு வரி ஒளிந்திருக்கும்.

வானம்பாடி
இருக்கிறது! இப்போதுதான் பார்த்தேன். «விழா வளாகத்தில் பிற பானங்களின் விற்பனைக்கு அனுமதி இல்லை.» எங்கள் ஆறு ஸ்டாலில் ஒன்று கரும்புச்சாறு, ஒன்று டீக்கடை. இரண்டும் ஆளுக்கு 5,000 கட்டியிருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை
அப்படியானால் 5,000 மிச்சப்படுத்தி 10,000 இழக்கச் சொல்கிறது அந்த ஸ்பான்சர். நாளைக்கே பேசுங்கள். «பாட்டிலில் அடைத்த பிற நிறுவனப் பானங்கள்» என்று அந்த வரியை மாற்றித் தரச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பயம் போட்டி நிறுவனம்தான், டீ இல்லை. மறுத்தால் விட்டுவிடுங்கள், நட்டம் இல்லை.

காவிரிக்கரையான்
எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். உங்கள் கல்லூரியில் எத்தனை மாணவர்கள்? 1,800 இருக்குமா? தலைக்கு நூறு ரூபாய் வாங்குங்கள். 1,80,000 ஒரே நாளில். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் தலைக்கட்டு வரி போடுவதில்லையா? அதே கணக்குதான். ஒருவர் வங்கிக் கணக்கில் யுபிஐ வழியாகப் போட்டால் முடிந்தது.

இசைக்குழுவை மட்டும் விட்டுவிடாதீர்கள். 60,000 கொடுத்தாகிவிட்டது, இப்போது வேண்டாம் என்றால் அந்தப் பணம் தண்ணீரில் போட்ட மாதிரி.

ஓய்வுபெற்ற வாத்தியார்
கோயில் வரியையும் கல்லூரியையும் ஒப்பிட வேண்டாம், நண்பரே. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் கல்வி நிறுவனங்கள் வசூலிப்பதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. வகுப்புப் பொறுப்பாளர் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போனால், மாலையே ஒரு பெற்றோர் முதல்வர் அறையில் இருப்பார். இருபத்தாறு ஆண்டுகள் இதைப் பார்த்திருக்கிறேன்.

விருப்பப்பட்டவர் வாங்கும் மாலை நிகழ்ச்சி அனுமதிச் சீட்டு வேறு விஷயம். 50 ரூபாய் வைத்தால் நியாயம். இசை நிகழ்ச்சிக்குத் தலைக்கு 500 ரூபாய் வரை உள்ள நுழைவுக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கும் இருக்கிறது. ஆனால் 1,800 பேரும் வாங்குவார்கள் என்று எழுதாதீர்கள். விடுதி மாணவர்கள் வாங்குவார்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஏழு மணிக்குக் கடைசிப் பஸ்.

பணத்தை ஒரு மாணவியின் சொந்தக் கணக்கில் வாங்கவே கூடாது. கல்லூரிக் கணக்கில்தான் வர வேண்டும். ஷோரூம் போன்ற இடங்கள் நிறுவனத்தின் பெயரில் பில்லும் அதன் பான் எண்ணும் இல்லாமல் காசோலை எழுதாது.

வானம்பாடி
சொந்தக் கணக்கு வேண்டாம் என்று எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஐயாவும் சொல்லிவிட்டார். இசைக்குழு பற்றித்தான் இரண்டு நாளாக விடுதியில் சண்டை. 60,000 போய்விடுமே என்பதில்தான் எல்லோரும் நிற்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை
60,000 ஏற்கெனவே போய்விட்டது. குழு வந்தாலும் போனதுதான், வராவிட்டாலும் போனதுதான். இப்போது கேட்க வேண்டியது ஒன்றே: இன்னும் கொடுக்க வேண்டிய 1,60,000-க்கு அந்த மாலை தகுமா? அந்தப் பணம் உங்களிடம் இல்லை என்பதுதான் உண்மை.

ஆனாலும் சட்டென்று ரத்து செய்யவும் சொல்ல மாட்டேன். ஷோரூம் கடிதத்தில் மாலை நிகழ்ச்சி பற்றி ஏதாவது இருக்கிறதா?

வானம்பாடி
«மாலை இசை நிகழ்ச்சியின்போது எல்இடி திரையில் விளம்பரம், மேடையில் நிறுவன மேலாளருக்கு மரியாதை» என்று இருக்கிறது.

கணக்குப்பிள்ளை
அதுதான் முடிச்சு. குழுவை ரத்து செய்தால் ஷோரூமின் 60,000-க்கும் ஆபத்து. எல்இடி திரையை வெட்டினாலும் ஆபத்து. ஒரு செலவை வெட்டும்போது அது எந்த வரவைத் தாங்கி நிற்கிறது என்று பார்த்துவிட்டு வெட்ட வேண்டும்.

மேடைக்காரன்
நான் மதுரைப் பக்கம் ஒலி ஒளி போடுகிறவன். பத்தொன்பது ஆண்டாக இதே தொழில். படித்துக்கொண்டே வந்தேன், சில விஷயம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இசைக்குழுக்காரருக்கு உங்கள் தேதிதான் சரக்கு. தை, மாசி முகூர்த்த காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலையை நீங்கள் 15 நாளுக்கு முன் விட்டுக்கொடுத்தால், அவர் அதை ஒரு கல்யாண வரவேற்புக்கு விற்றுவிட முடியும். இரண்டு நாளுக்கு முன் சொன்னால் அவருக்கு அந்த நாள் செத்த நாள், முன்பணத்தில் ஒரு ரூபாய் திரும்பாது. அதனால் இன்றைக்கே போன் போடுங்கள். நேரில் போனால் இன்னும் நல்லது. எங்கள் தொழிலில் முகத்தைப் பார்த்தால் கொஞ்சம் இறங்கி வருவோம்.

போய் «குறைத்துக்கொள்ளுங்கள்» என்று மட்டும் கேட்காதீர்கள். குழுவில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று பேசுங்கள். 2,20,000 என்றால் பன்னிரண்டு பேராவது இருப்பார்கள், மூன்று மணி நேரம் பேசியிருப்பீர்கள். நிகழ்ச்சி எத்தனை மணிக்கு?

வானம்பாடி
ஏழரை முதல் பத்தரை. குழுவில் பதின்மூன்று பேர்.

மேடைக்காரன்
திறந்த வெளியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. காவல் நிலையத்தில் தரும் அனுமதிக் கடிதத்திலேயே இருக்கும். ஏழரை என்று நீங்கள் எழுதினாலும் பரிசளிப்பு இழுத்து எட்டரை ஆகும். அப்புறம் பத்து மணிக்குப் போலீஸ்காரர் வந்து நிற்பார். மூன்று மணி நேரத்துக்குப் பணம் கொடுத்து ஒன்றரை மணி நேரம் கேட்பீர்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தையே விலை பேசுங்கள்.

ஆறு பேர் போதும்: கீபோர்டு, கிட்டார், தபேலா, பேடு, இரண்டு பாடகர்கள். பித்தளை வாத்தியக்காரர்கள் வேண்டாம். இதில் உங்களுக்குத் தெரியாத லாபம் ஒன்று இருக்கிறது. குழு சின்னதானால் மைக் எண்ணிக்கை குறைகிறது, மேடையில் மானிட்டர் பெட்டிகள் குறைகின்றன, மேடையின் அளவும் குறைகிறது. என்னைப் போன்றவனிடம் வந்து «பதின்மூன்று ஆறாகிவிட்டது» என்று சொன்னால் நான் விலையைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். சும்மா வந்து «கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்» என்றால், விலையைக் குறைத்துவிட்டுப் பழைய பெட்டியைக் கொண்டுவந்து வைப்பேன். உங்களுக்குத் தெரியாது, பாட்டு தொடங்கியதும் தெரியும்.

எல்இடி திரை எவ்வளவு?

வானம்பாடி
மேடைச் செலவு 1,60,000-இல் திரை மட்டும் 40,000. இரண்டு நாளுக்கும்.

மேடைக்காரன்
பகல் வெயிலில் அந்தத் திரையை யார் பார்க்கிறார்கள்? முதல் நாள் போட்டி எல்லாம் அரங்கத்துக்குள்ளே என்றால் அன்றைக்கு வேண்டவே வேண்டாம். இரண்டாம் நாள் மாலை மட்டும் என்றால் பாதி. அதுவும் வேண்டாம் என்றால் ஷோரூம் மேலாளரிடம் போய், திரைக்குப் பதிலாக நுழைவாயிலில் இரண்டு வண்டிகளை நிறுத்திக்கொள்ள இடம் தருகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். திரையில் பத்து நொடி ஓடும் படத்தைவிட மாணவர்கள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளும் வண்டிதான் அவர்களுக்கு வியாபாரம். சம்மதித்தால் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

காவிரிக்கரையான்
மேடைக்காரர் தன் தொழில் ரகசியத்தையே சொல்லிவிட்டார். பரவாயில்லை, நான் முன்பணத்தைப் பற்றிச் சொன்னது தவறுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைக்கு நூறு ரூபாய் தவறு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். விருப்பமுள்ளவர்கள் தரட்டுமே.

ஓய்வுபெற்ற வாத்தியார்
வகுப்பறையில் கேட்டால் அது விருப்பம் ஆகாது. அதோடு விடுகிறேன்.

தங்கை, உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு செலவைச் சொல்கிறேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களுமே பாடி, பார்க்கிறவர்களும் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், பெற்றோர் என்ற வட்டத்துக்குள் இருந்தால் பாட்டுக்கு உரிமத் தொகை வேண்டாம். கூலிக்கு வரும் குழு திரைப்பாட்டுப் பாடினால் அந்த விலக்கு கைகொடுக்காது. உரிமத் தொகை யார் பொறுப்பு என்று குழுத் தலைவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

மேடைக்காரன்
ஐயா சொல்வது சரி. ஆனால் எங்கள் பக்கத்தில் எந்தக் குழுவும் அதை எழுதித் தராது. பெரிய நட்சத்திர ஓட்டலில் கேட்பார்கள், கல்லூரியில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்
கேட்காதவரை சரிதான். கேட்டு வரும் நோட்டீஸ் முதல்வர் பெயருக்கு வரும், உங்கள் பெயருக்கு வராது.

பழைய பெஞ்சு
பரிசுத் தொகையில் ஒரு யோசனை. பயிற்சி மையத்திடம் சொன்னால் பணத்துக்குப் பதில் «5,000 ரூபாய் கட்டணச் சலுகைக் கூப்பன்» தருவார்கள். இருபது கூப்பன் என்றால் ஒரு லட்சம் ரூபாய்ப் பரிசு!

வானம்பாடி
போன ஆண்டு வேறு ஒரு கல்லூரியில் எனக்கே அந்தக் கூப்பன் கிடைத்தது. பேச்சுப் போட்டியில் முதல் பரிசு 3,000 என்று சுவரொட்டியில் இருந்தது. உறையைப் பிரித்தால் ஒரு பயிற்சி மையத்தின் கூப்பன். 40,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தால் 3,000 தள்ளுபடியாம். அந்தக் கல்லூரிக்கு இனிப் போக மாட்டேன். எங்கள் மேடையில் அதைச் செய்ய மாட்டேன்.

கணக்குப்பிள்ளை
சரியான முடிவு. பரிசுத் தொகையில் நேர்மையாகக் குறைக்க ஒரே வழிதான். 1,10,000 எப்படிப் பிரிகிறது? எல்லாப் போட்டிக்கும் போதிய ஆள் வந்திருக்கிறார்களா?

வானம்பாடி
22 போட்டிகள். முதல் பரிசு 3,000, இரண்டாம் பரிசு 2,000. ஐந்து அணிக்குக் குறைந்தால் போட்டி நடக்காது என்று விதிமுறையிலேயே போட்டிருக்கிறோம். இப்போது பார்த்தால் நான்கு போட்டிகளில் ஒன்றும் இரண்டுமாகத்தான் இருக்கிறார்கள். முகத்தில் ஓவியம், காய்கறிச் சிற்பம், மௌன நாடகம், விளம்பர நகல்.

கணக்குப்பிள்ளை
அப்படியானால் அந்த நான்கையும் பதிவு முடியும் நாளில் ரத்து செய்யலாம், 20,000 மிச்சம். விதியை முன்பே சொல்லிவிட்டதால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் போட்டிக்காக மட்டுமே பதிந்தவர்களுக்கு 200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அன்றைக்கே. நான்கு போட்டிக்கு நடுவர் செலவும் குறையும்.

பழைய பெஞ்சு
மௌன நாடகத்தை ரத்து செய்யாதீர்கள், பாவம். நான் அதில்தான் பரிசு வாங்கினேன்.

வானம்பாடி
(நான்கு நாள் கழித்து)
எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

இசைக்குழுத் தலைவரை நேரில் போய்ப் பார்த்தோம். முதலில் முகம் கொடுக்கவில்லை. மேடைக்காரர் அண்ணன் சொன்னபடி ஆள் கணக்கும் நேரக் கணக்கும் பேசியதும் நோட்டை எடுத்தார். ஆறு பேர், ஒன்றரை மணி நேரம், 1,10,000. கொடுத்த 60,000 அதிலேயே கழிந்துவிடும், இனி 50,000. மீதமுள்ள ஏழு பேருக்கு அதே மாலையில் ஒரு வரவேற்பு நிகழ்ச்சி பிடித்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம்!

ஷோரூம் மேலாளர் திரைக்குப் பதில் வண்டி நிறுத்தச் சம்மதித்துக் கடிதத்தைத் திருத்தித் தந்தார். அதனால் திரை முழுவதும் போனது. மேடை சின்னதாகி ஒலி ஒளி 90,000-க்கு வந்தது. ஜெனரேட்டர் இரண்டாம் நாள் மாலை மட்டும், 15,000. பரிசு 90,000. சாப்பாட்டை விடுதி உணவகமே 18,000-க்குச் செய்து தருவதாகச் சொல்லிவிட்டது. நடுவர்களைப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து அழைக்கிறோம், பயணச் செலவு இல்லை, 15,000. முதல் பரிசுக்கு மட்டும் ஷீல்டு, சான்றிதழோடு சேர்த்து 18,000. அச்சு 8,000. டி-ஷர்ட் இல்லை, கழுத்தில் தொங்கும் அட்டை 2,000. மொத்தம் 3,66,000.

வரவு: முன்பு சொன்ன 3,50,000 அப்படியே. மாலைச் சீட்டு 50 ரூபாய், 600 பேர் வாங்குவார்கள் என்று 30,000. மொத்தம் 3,80,000. டீக்கடையும் கரும்புச்சாறும் இருக்கின்றன, பழச்சாறு நிறுவனம் அந்த வரியை மாற்றிக்கொண்டது. காலாவதித் தேதியையும் பார்த்தேன், ஐந்து மாதம் இருக்கிறது. 14,000 மிச்சம்.

டி-ஷர்ட்டுக்காகத் தன்னார்வலர்களில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை.

கணக்குப்பிள்ளை
நன்றாகச் செய்திருக்கிறீர்கள். இரண்டு இடத்தில் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஒன்று, 14,000 போதாது. உங்கள் முதல் பட்டியலில் எதிர்பாராச் செலவுக்கு ஒரு பைசாகூட இல்லை, இப்போது 14,000 வந்திருப்பதே பெரிது. ஆனால் அந்த 600 சீட்டில் 300 மட்டும் விற்றால் அது காலி. சீட்டை விழா வாசலில் விற்க வைக்காதீர்கள், இன்றே விடுதியில் விற்கத் தொடங்குங்கள். நான்கு நாளில் 200 கூடத் தாண்டாவிட்டால் அப்போதே தெரிந்துவிடும். ஷீல்டு இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லை என்றால் அதைக் கடைசி வரை தள்ளிவையுங்கள். சீட்டு விற்கவில்லை என்றால் சான்றிதழ் மட்டும்.

இரண்டு, மொத்தக் கணக்கு சரியானாலும் நாள் கணக்கு சரியாகவில்லை. 3,80,000-இல் 85,000 விழாவுக்குப் பிறகு வருகிறது. விழா முடியும்போது உங்களிடம் 2,95,000, கொடுக்க வேண்டியது 3,66,000. அன்று இரவு 71,000 குறையும்.

வானம்பாடி
அதைப் பார்க்கவே இல்லை. கூட்டிக் கழித்தால் சரியாக வருகிறது என்று சந்தோஷமாக இருந்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்
இரண்டு ஸ்பான்சர் கடிதங்களின் நகலை இணைத்து முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். கூடுதல் நிதி கேட்பதாக எழுதாதீர்கள், மறுத்துவிடுவார்கள். «மேற்கண்ட தொகை வரும் வரை 71,000 ரூபாய் தற்காலிக முன்பணம், காசோலை கல்லூரிக் கணக்கிலேயே வரவாகும்» என்று எழுதுங்கள். திரும்பி வரும் பணம் என்பது கடிதத்தில் தெரிந்தால் அலுவலகம் கையெழுத்துப் போடும். ஒவ்வொரு செலவுக்கும் ரசீதைத் தனி உறையில் வையுங்கள், கணக்கு ஒப்படைக்கும்போது ஒரு ரசீது குறைந்தாலும் அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு முன்பணம் கிடைக்காது.

பில்லை விழா மறுநாளே ஷோரூமில் கொடுத்துவிடுங்கள். பேனர், வண்டிகள், மேலாளருக்குப் பொன்னாடை போர்த்தியது, மூன்றும் படத்தில் தெரிய வேண்டும். ஒரு முறை நாங்கள் இரண்டு வாரம் தாமதித்தோம். அதற்குள் அந்த மேலாளர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். புதியவருக்கு எங்களைத் தெரியாது.

விளம்பரப் பிரியன்
60,000 கொடுக்கிறவருக்கு «வழங்கும்» என்று பெரிய எழுத்தில் பெயர் போடுகிறீர்களா? ஒன்றரை லட்சத்துக்குத்தானே அந்த இடம்? அதைத் திரும்ப வாங்கி இன்னொருவருக்கு விற்கலாமே.

வானம்பாடி
இந்தக் கேள்வி எங்கள் குழுவிலும் இருக்கிறது. செயலாளர் உங்கள் கட்சி. எனக்கு என்னவோ, கடிதத்தைத் திருத்தும்போதே பேசியிருக்க வேண்டும், இப்போது கேட்டால் 60,000-மும் போய்விடும் என்று தோன்றுகிறது.

கணக்குப்பிள்ளை
விட்டுவிடுங்கள் என்பேன். பத்து நாளில் அந்த இடத்தை வாங்க யாரும் வரிசையில் நிற்கவில்லை.

விளம்பரப் பிரியன்
கேட்டுப் பார்க்காமலே எப்படித் தெரியும்? என் அனுபவத்தில் கடைசி வாரத்தில் வந்தவர்களும் உண்டு.

வானம்பாடி
(ஏழு வாரம் கழித்து)
இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். சீட்டு 540 விற்றது. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசிப் பாட்டு முடிந்தது. முன்பணம் கிடைத்தது, மேடைக்காரருக்கு அன்றிரவே கொடுத்துவிட்டோம்.

ஷோரூம் பணம் இன்றுதான் கல்லூரிக் கணக்குக்கு வந்தது. 60,000-க்குப் பதில் 58,800 இருக்கிறது. 1,200 குறைத்துவிட்டார்கள் என்று செயலாளர் கோபத்தில் இருக்கிறார். போய்ச் சண்டை போடவா?

கணக்குப்பிள்ளை
சண்டை வேண்டாம். 60,000-இல் இரண்டு விழுக்காடு 1,200. விளம்பரத்துக்குப் பணம் கொடுக்கும்போது வருமான வரிக்காகப் பிடிக்கும் டிடிஎஸ் அது. கல்லூரியின் பான் எண்ணில் வரவாகியிருக்கும். அலுவலகத்தில் சொல்லி வருமான வரித் தளத்தில் அந்தத் தொகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லை என்றால், அப்போது செயலாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.